ஒரு பாடத்திட்டமும் பதினான்கு வினைச்சொற்களும்

திருகோணமலை உட்துறைமுகத்தின் ஓரமாகச் செல்லும் வீதியொன்றிலே நாம் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறோம். இத்துறைமுகத்திற்கு வந்த மொழிகள் பல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இங்கு கொடி நாட்டினர். அவர்களுடைய படைகளிலே காவல் நின்ற மலாயரும் தம் மொழியோடு வந்தனர். நமது இளமைக்கால அயலவருள் ஒரு மலாய்க் குடும்பமும் இருந்தது. அவர்கள் பேசிய மலாய் தமிழோடு நெடுங்காலம் பழகியதாதலால், வினையை வாக்கியத்தின் இறுதியிலே வைக்கும் பழக்கத்தை எம்மிடமிருந்து பெற்றிருந்தது. அம்மொழியின் மேல் ஏற்பட்ட பற்றே பின்னாளில் அகராதியும் கையுமாக இந்தோனேசிய மொழியைக் கற்க எம்மைத் தூண்டியது. அது பொழுதுபோக்கு என்றுதான் எண்ணியிருந்தோம். ஒருவருடைய வாழ்வு அதனால் பாதிக்கப்படக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டு வரை நாம் உணரவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெண் எம்மைத் தேடி வந்தார். திருக்கடலூர்ப் பக்கத்து மீனவர் குடும்பமொன்றின் மகள். உதவித்தொகை பெற்று இந்தோனேசியாவிலே நான்கு ஆண்டுகள் மீன்வளக் கல்வி பயின்று பட்டம் பெற்றுத் திரும்பியவர். மேற்படிப்புக்கு விண்ணப்பித்த உயர்கல்வி நிறுவனமொன்று, அவர் படித்த பாடங்களின் திட்டங்களை ஆங்கிலத்திலே தருமாறு கேட்டிருந்தது. “சேர், இதை நீங்கள்தான் பெயர்த்துத் தரவேணும்” என்று ஒரு கோவையை மேசைமேல் வைத்தார். முதலிலே இருந்தது மீன்பிடித் துறைமுக முகாமைத்துவம் என்னும் பாடத்தின் பருவத் திட்டம். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த நமக்கு இது எளிய வேலையாகத் தோன்றியது. எம் பிழை அங்கேதான் தொடங்கியது.

அந்தத் தாளின் அமைப்பை முதலிற் கூறவேண்டும். இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களிலே ஒரு பாடத்தின் பருவத் திட்டம் பெரும்பாலும் 16 வாரங்கள் கொண்ட அட்டவணையாக அமையும். எட்டாம் வாரம் இடைப் பரீட்சை, பதினாறாம் வாரம் இறுதிப் பரீட்சை. எஞ்சிய 14 வாரங்களுக்கும் ஒவ்வொரு வரி. அவ்வரியின் முதற்கட்டத்திலே அந்த வார இறுதியில் மாணவர் எதைச் செய்யவல்லவராக இருப்பார் என்னும் கற்றற்பேறு எழுதப்பட்டிருக்கும். அடுத்து, அது நிறைவேறியதை எதனால் அறிவது என்னும் குறிகாட்டி. அதற்கடுத்துக் கணிப்பீட்டின் வடிவம். பின்னர் கற்பிக்கும் முறை, பாடப்பொருள். இறுதியில் அந்த வாரத்திற்குரிய புள்ளி விகிதம். கற்றற்பேறு ஒவ்வொன்றும் ‘மாணவர் வல்லவர்’ என்ற பொருளுடைய ‘மஹாசிஸ்வா மம்பு’ என்று தொடங்கும். அதற்கடுத்த சொல் ஒரு வினை. மட்டம் முழுவதும் அந்த வினையிலே தங்கியிருக்கிறது.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வினாத்தாள் எழுதும்போது ‘குறிப்பிடுக’ என்றால் இரண்டு புள்ளி, ‘விளக்குக’ என்றால் ஆறு புள்ளி, ‘மதிப்பிடுக’ என்றால் பன்னிரண்டு புள்ளி என்று நாமே வகுத்து வந்திருக்கிறோம். 1956இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் இத்தகைய வேறுபாட்டை ஆறு படிகளாக ஒழுங்குபடுத்தினர். 2001இல் அண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தி, நினைவுகூர்தல், விளங்குதல், பிரயோகித்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், ஆக்குதல் என வைத்தனர். இந்தோனேசியாவிலே இவற்றை சீ-1 முதல் சீ-6 வரை என்று வழங்குவர். சில திட்டங்களிலே கற்றற்பேற்றின் பக்கத்தில் அந்தக் குறியீடே எழுதப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் மொழிபெயர்ப்பாளனுக்குப் பாதி வேலை குறையும். நம்மிடம் வந்த தாளில் அது இல்லை.

நாம் முதற் பெயர்ப்பை இரண்டு மாலைகளில் முடித்தோம். ‘மெஞ்ஜெலாஸ்கன்’ என்னும் வினை ஐந்து வரிகளில் வந்தது. தெளிவு என்னும் பொருளுடைய ‘ஜெலாஸ்’ என்பதே அதன் அடி. எனவே ‘எக்ஸ்பிளெயின்’ என்று எழுதினோம். ‘மெஙுரைகன்’ இரண்டு முறை வந்தது; அதற்கும் ‘எக்ஸ்பிளெயின்’. விளங்கிக்கொள்ளுதலைக் குறிக்கும் ‘மெமஹாமி’ இரண்டு, கலந்தாராய்தலைக் குறிக்கும் ‘மெம்பஹாஸ்’ ஒன்று, கூர்ந்து நோக்குதலைக் குறிக்கும் ‘மெனெலாஹ்’ ஒன்று. இவற்றையும் அதே சொல்லுக்குள் அடக்கினோம். ஆக, 14 வரிகளில் 11 வரிகள் ‘எக்ஸ்பிளெயின்’. எஞ்சிய மூன்றில் ‘மெங்காஜி’ என்பதை ‘ஸ்டடி’ என்றும், ‘மெஞுசுன்’ என்பதை ‘கம்பைல்’ என்றும், ‘மெஙனாலிசிஸ்’ என்பதை ‘அனலைஸ்’ என்றும் எழுதினோம். வாசிக்கத் தெளிவாக இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து மறுமொழி வந்தது. பாடத்தின் கற்றற்பேறுகள் பெரும்பாலும் விளக்குதல் என்னும் அளவிலேயே நிற்கின்றன. இது பட்ட மட்டத்திற்கன்றி டிப்ளோமா மட்டத்திற்கு உரியதாகத் தோன்றுகிறது என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பெண் கடிதத்தை எம்மிடம் நீட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நான்காண்டு உழைப்பை நமது இரண்டு மாலைச் சோம்பல் ஒரு படி கீழே இறக்கிவிட்டது. நிறுவனத்தின் மேல் குறை கூற இடமில்லை. அவர்கள் கண்ட தாள் நாம் எழுதிய தாள்.

வெட்கம் வந்தவன் மறுபக்கம் சாய்வது இயல்பு. நாமும் சாய்ந்தோம். இரண்டாம் பெயர்ப்பிலே ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் கற்றற்பேறுகளைப் பார்த்துப் பார்த்து, ஏழு இடங்களில் ‘கிரிட்டிக்கலி’ என்னும் அடைமொழியைச் சேர்த்தோம். விமரிசன நோக்கோடு என்பது அதன் பொருள். உயர்கல்வித் தாள்களைப் பார்வையிடுவோரின் கண் முதலில் தேடும் சொற்களில் ஒன்று. ‘மெங்காஜி’ என்பது ‘கிரிட்டிக்கலி இவாலுவேட்’ ஆயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் இதுவே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அவர் அதை முழுவதும் வாசித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “சேர், இது நான் படிச்ச பாடமில்லை. நேர்முகத்தில் இந்தத் தாளை வைச்சுக் கேள்வி கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

மூல நூலிலே ‘செசாரா கிரிதிஸ்’, அதாவது விமரிசன நோக்கோடு, என்ற தொடர் ஓரிடத்திலும் இல்லை. இல்லாத அடைமொழியைச் சேர்ப்பது பெயர்ப்பன்று, பொய்ச் சான்று. அது கண்டுபிடிக்கப்படும் நாளில் தண்டனை மொழிபெயர்த்தவனுக்கன்று, அந்தப் பெண்ணுக்கே. மூலத்தில் அடைமொழி இருந்தால் எழுதுவது, இல்லையேல் எழுதாதிருப்பது என்ற விதியை அன்று வகுத்துக்கொண்டோம். ஆனால் இவ்விதி வினையைத் தீர்மானிக்க உதவாது. வினைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

முதலில் அகராதிக்கே திரும்பினோம். ‘மெஙுரைகன்’ என்னும் சொல்லுக்குள்ளே ‘உரை’ என்னும் அடி இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு அது ‘உரைத்தல்’ என்றே கேட்கும்; நமக்கும் அப்படியே கேட்டது. இந்தோனேசிய மொழியிலோ ‘உரை’ என்றால் அவிழ்ந்தது, பிரிந்தது என்று பொருள். முடிச்சை அவிழ்ப்பதும் சிக்கலைப் பிரிப்பதும் இவ்வினைக்கு உரியவை. விரிவாக விவரித்தலும் ‘மெஙுரைகன்’. ஒன்றைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டுதலும் ‘மெஙுரைகன்’. ஆதலாற்றான் வினைப் பட்டியல்கள் சில இதை இரண்டாம் படியிலும், வேறு சில நான்காம் படியிலும் வைக்கின்றன. பட்டியலைப் பார்த்து மட்டம் சொல்ல முயல்பவனுக்கு இந்த ஒரு சொல்லே போதிய எச்சரிக்கை.

‘மெங்காஜி’ இன்னும் சுவையானது. இதன் அடி ‘காஜி’. இவ்வடியிலிருந்து இரண்டு வினைகள் பிறக்கின்றன. முதலெழுத்தாகிய ககரம் மறைந்து ‘மெஙாஜி’ என்று ஒலித்தால் குர்ஆன் ஓதுதல், ஓதக் கற்றல் என்பது பொருள். ககரம் மறையாமல் ‘மெங்காஜி’ என்று நின்றால் ஆராய்தல், நுணுகிப் பார்த்தல் என்பது பொருள். எழுத்திலே ஓர் எழுத்து வேறுபாடு. பொருளிலே ஓதலுக்கும் ஆய்தலுக்கும் உள்ள தூரம். நாம் எழுதிய ‘ஸ்டடி’ இரண்டுக்கும் நடுவிலே நின்று இரண்டையும் மழுப்பிவிட்டது. மாணவர் துறைமுக வசதிகளைப் ‘படிக்க வல்லவர்’ என்று ஆங்கிலத்திலே சொன்னால், அதை வாசிப்பவர் என்ன மட்டத்தைக் கற்பனை செய்வார்?

எனினும் அகராதி எல்லையைத்தான் காட்டும். அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்று சொல்லாது. அதைச் சொன்னது அட்டவணையின் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள். முதற் பெயர்ப்பிலே அவற்றை நாம் சடங்குபோலப் பெயர்த்துவிட்டுச் சென்றிருந்தோம். குறிகாட்டி பெரும்பாலும் ‘கெதெபாதன்’ என்று தொடங்கும். துல்லியம், சரியாக அமைதல் என்பது அதன் பொருள். எதில் துல்லியம் என்று அடுத்து வரும் சொல்லே மாணவர் உண்மையிலே என்ன செய்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

பதினொராம் வாரத்து வரியை எடுத்துக்கொள்வோம். கற்றற்பேறு: மாணவர் மீன்பிடித் துறைமுக வசதிகளை ‘மெங்காஜி’ செய்ய வல்லவர். குறிகாட்டி: வசதிகள் போதுமானவையா என்பதை மதிப்பிடுவதில் துல்லியம். கணிப்பீடு: களப்பயண அறிக்கையும் அதன் மீதான உரையாடலும். களத்திலே என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அவர் தமது பழைய குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு துறைமுகத்துக்கு நாளொன்றுக்கு 60 படகுகள் மீன் இறக்க வருகின்றன எனக் கொள்வோம். ஒரு படகு மீனை இறக்க 2 மணித்தியாலம் செல்லும்; இறங்குதுறை நாளுக்கு 10 மணித்தியாலம் இயங்கும். எனவே ஓரிடத்தில் ஒரு நாளைக்கு 5 படகுகள் இறக்கலாம். 60 படகுகளுக்கு 12 இடங்கள் வேண்டும். படகின் நீளம் 15 மீற்றர், இடைவெளி 3 மீற்றர். ஆக 12 இடங்களுக்கு 216 மீற்றர் நீளமான இறங்குதுறை தேவை. உள்ளதோ 150 மீற்றர். 66 மீற்றர் குறைவு. அதோடு அவர் நிறுத்தவில்லை. படகுகள் எல்லாம் விடியற்காலையிலே ஒருசேர வருமாயின் இந்தக் குறைவு கணக்கிலே தெரிவதைவிடப் பெரிதாகும் என்றும், துறையை நீட்டுவதைவிட மீன் இறக்கும் வேகத்தைக் கூட்டுவது மலிவாகலாம் என்றும் எழுதியிருந்தார்.

இதை வாசித்த பின்னர் ஐயம் நீங்கியது. சூத்திரத்தில் எண்களை இட்டு 216 என்று விடை கண்டால் அது பிரயோகித்தல், மூன்றாம் படி. உள்ள நீளத்தோடு ஒப்பிட்டுக் குறைவின் காரணத்தைப் பிரித்துக் காட்டினால் நான்காம் படி. போதுமா, போதாதா என்று ஓர் அளவுகோலை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஐந்தாம் படி. குறிகாட்டி கேட்பதும் அவர் செய்திருப்பதும் ஐந்தாம் படியே. எனவே அவ்வரிக்கு ‘அசெஸ்’ என்னும் வினையை இட்டோம். நுணுகிப் பார்த்தலும் அதன் மேல் முடிவு கூறுதலும் அச்சொல்லில் அடங்கும். ‘கிரிட்டிக்கலி இவாலுவேட்’ என்பதன் ஆரவாரம் அதற்கு இல்லை. குறிகாட்டி மட்டும் வசதிகளை நுணுகி நோக்கும் துல்லியத்தோடு நின்றிருந்தால், ‘எக்ஸாமின்’ என்றே எழுதியிருப்போம்.

இதே வழியில் ஐந்து ‘மெஞ்ஜெலாஸ்கன்’களையும் சோதித்தோம். இரண்டு வரிகளின் குறிகாட்டிகள் துறைமுகத்தின் வகைகளையும் பணிகளையும் சரியாகக் கூறுவதையே கேட்டன. கணிப்பீடு குறுவினாப் பரீட்சை. அவற்றுக்கு ‘டிஸ்கிரைப்’ போதும். அது சிறிய சொல் என்று வருந்துவதிற் பயனில்லை. மற்றை மூன்றும் காரணத்தையும் தொடர்பையும் கேட்டன. அங்கே ‘எக்ஸ்பிளெயின்’ நின்றது. ‘மெஙுரைகன்’ இரண்டில் ஒன்று ‘டிஸ்கிரைப்’போடு விரிவாக என்னும் பொருள் பெற்றது; மற்றது துறைமுகச் செலவைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் பயிற்சியாதலால் ‘அனலைஸ்’ ஆயிற்று. ‘மெஞுசுன்’ என்பதற்குரிய பொருள் ‘முகாமைத்துவத் திட்டம்’. பட்டியலைத் தொகுத்தால் ‘கம்பைல்’ சரி. திட்டத்தை வகுப்பதற்கு அது பொருந்தாது. ‘டெவலப்’ என்று மாற்றினோம்.

‘மெமஹாமி’ தொல்லை தந்தது. ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்பது நேரான பெயர்ப்பு. ஆனால் விளங்கியதை அளந்து பார்க்க முடியாது என்று ஆங்கிலக் கற்றற்பேறுகளிலே அவ்வினையைத் தவிர்ப்பர். அதற்காக ‘அனலைஸ்’ என்று ஏற்றிவிடவும் கூடாது. விளக்கத்தை வெளிப்படுத்தல் என்னும் தொடராக, ‘டெமொன்ஸ்ட்ரேட் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று எழுதினோம். பரீட்சையிலே வெளிப்பட வேண்டும் என்பது எப்படியும் அட்டவணையில் உள்ள செய்தி. புதிதாக ஒன்றையும் நாம் சேர்க்கவில்லை.

ஒரு வரியிலே மட்டும் நேர்மாறான நிலை. கற்றற்பேறு ‘மெஙனாலிசிஸ்’ என்று கம்பீரமாகத் தொடங்குகிறது; குறிகாட்டியோ வகைகளை ‘மெஞெபுத்கன்’, அதாவது பெயர் சொல்லுதல், என்று முடிகிறது. “அந்தக் கிழமை நாங்கள் பட்டியல்தான் எழுதினது, சேர்” என்றார் அவர். அப்படியாயின் ‘லிஸ்ட்’ என்று இறக்கிவிடுவதா? நெடுநேரம் யோசித்துக் கூடாது என்றே முடிவு செய்தோம். பல பொருள்களுக்கிடையே அசையும் வினையை எங்கே நிறுத்துவது என்பதற்கே கணிப்பீட்டின் துணையை நாடலாம். ‘மெஙனாலிசிஸ்’ அசையாத சொல். அதற்கு ஒரே பொருள். அதை மாற்றுவது பாடத்திட்டம் எழுதிய ஆசிரியரைத் திருத்துவதாகும். அந்த அதிகாரம் மொழிபெயர்ப்பாளனுக்கு இல்லை. கற்றற்பேற்றை ‘அனலைஸ்’ என்றும், குறிகாட்டியை ‘லிஸ்ட்’ என்றும் உள்ளபடி எழுதினோம். முரண் வாசிப்பவர் கண்ணுக்கு நேரே கிடக்கட்டும்.

மேலும் ஒரு சொல், பாடத்திட்டத்தின் தலைப்பகுதியிலே பட்டதாரியின் பொதுத் தகைமையைக் கூறும் இடத்தில் வந்தது: ‘மெஙுவாசாய்’. அதிகாரம் என்னும் பொருளுடைய ‘குவாசா’ அதன் அடி. 2012இல் ஜனாதிபதி ஆணையாக வெளிவந்த இந்தோனேசியத் தேசியத் தகைமைச் சட்டகத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. துறையின் கோட்பாடுகளைப் பொதுவாகவும், அதன் ஒரு பகுதியை ஆழமாகவும் கைவரப்பெற்றிருத்தல் என்பது அங்குள்ள கருத்து. ‘மாஸ்டர்’ என்று பெயர்த்தால் முதுகலைப் பட்டத்தின் பெயரோடு மயங்கும். துறை முழுவதையும் வென்றுவிட்டதாகவும் தொனிக்கும். எனவே பொதுவாக, ஆழமாக என்னும் இரு அடைகளையும் விடாது காத்து, ‘கமாண்ட்’ என்னும் பெயர்ச்சொல்லால் எழுதினோம்.

அதே இடத்திலே மற்றொரு பொறி இருந்தது. இந்தோனேசியச் சட்டகத்திலே ஒன்பது மட்டங்கள். நான்காண்டுப் பட்டம் ஆறாம் மட்டம். இலங்கைச் சட்டகத்திலே பன்னிரண்டு மட்டங்கள். பொதுப்பட்டம் ஐந்து, சிறப்புப்பட்டம் ஆறு. வெறுமனே ‘ஆறாம் மட்டம்’ என்று எழுதினால் ஒரே ஏணியின் ஒரே படி என்று வாசிப்பவர் கொள்ளக்கூடும். ஆதலின் எண்ணின் பக்கத்திலே எந்த நாட்டுச் சட்டகம், மொத்தம் எத்தனை மட்டம் என்பதையும் எழுதினோம். எது எதற்கு ஈடு என்று தீர்ப்பது நிறுவனத்தின் வேலை.

மூன்றாம் பெயர்ப்பின் இறுதியில் ஒரு சிறு குறிப்பு இணைத்தோம். ஒவ்வொரு வாரத்தின் மூல வினையும், நாம் இட்ட ஆங்கில வினையும், அதைத் தெரிந்தெடுக்கக் காரணமான குறிகாட்டியும் மூன்று நிரல்களாக. ஒரே மூலச்சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்த இடங்களை வெளிப்படையாகவே காட்டினோம். ஐயமுற்றவர் எம்மை நம்ப வேண்டியதில்லை. தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முடித்த பின் ஆங்கில வரிகளை மட்டும் அவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்த வாரம் தாம் செய்த வேலையைச் சொல்லும்படி கேட்டோம். ‘மெஙனாலிசிஸ்’ வரியைத் தவிர ஏனைய பதின்மூன்றுக்கும் தயங்காது சொன்னார்.

நிறுவனத்தின் இரண்டாவது மறுமொழி சில வாரங்களிற் கிடைத்தது. இந்தப் பாடம் பட்ட மட்டத்திற்குரியதென ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேறொரு பாடத்திலே குறை கண்டு, அதனை அவர் இங்கே படித்து நிறைவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தனர். அந்தப் பாடத்தின் தாளையும் நாம்தான் பெயர்த்திருந்தோம். மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அதில் வினைகள் சரியாகவே இருந்தன, பாடம்தான் சிறியது. “அது நியாயம்தானே, சேர்” என்றார் அவர்.

இன்று அவர் படிக்கிறார். கோவையிலே இன்னும் பல பாடங்கள் பெயர்க்கக் கிடக்கின்றன. இரண்டு மாலைகளில் ஒரு பாடம் என்னும் கணக்கை நாம் விட்டுவிட்டோம். ஒரு பாடத்துக்கு இப்பொழுது ஒரு வாரம் செல்கிறது. முதலிலே கணிப்பீட்டுக் கட்டத்தைப் படிக்கிறோம், பிறகு குறிகாட்டி, அதற்குப் பின்னரே கற்றற்பேற்றின் வினை.